ஒன்றரைக் கோடி: எந்தப் பணம் எந்த மைல்கல்லுக்கு?

கேள்வி: ஈரோட்டில் சின்ன ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். பால் சேகரிப்பு மையங்களில் இருக்கும் பி.எம்.சி. குளிர்விப்புத் தொட்டிகளின் வெப்பநிலை, மின்சாரம், ஜெனரேட்டர் ஓட்டம் எல்லாவற்றையும் செல்போனில் காட்டும் சாதனம் எங்களுடையது. 2 தனியார் பால் நிறுவனங்களின் 60 தொட்டிகளில் ஓடுகிறது. தொட்டிக்கு மாதம் 900 ரூபாய் சந்தா. சாதனம் அடிக்கடி நின்றுபோவதால் மாதம் இருபது தடவையாவது ஆள் போக வேண்டியிருக்கிறது. ஒன்றரைக் கோடி முதலீடு கேட்கிறோம். பிட்ச் டெக்கில் ‘தயாரிப்பு 40%, மார்க்கெட்டிங் 30%, சம்பளம் 20%, இதர 10%’ என்று வட்டப்படம் போட்டிருந்தோம். ஓர் ஏஞ்சல் முதலீட்டாளர், ‘எந்தப் பணம் எந்த மைல்கல்லுக்கு என்று தெரியவில்லை, சரியான யூஸ் ஆஃப் ஃபண்ட்ஸ் அட்டவணையோடு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதை எப்படி எழுதுவது?

பதில்:

பணம் எந்தெந்தத் தலைப்பில் செலவாகும் என்பதை உங்கள் வட்டப்படம் சொல்லிவிடுகிறது. ஆனால் அவர் பார்க்க நினைப்பது, அந்தப் பணமெல்லாம் தீர்ந்த நாளில் உங்கள் நிறுவனம் எந்த நிலையில் நிற்கும் என்பதை. அன்றைக்கு அடுத்த சுற்று முதலீட்டாளர் வராவிட்டால் இவர் போட்டதும் போச்சு. அதனால் அட்டவணையைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். அடுத்த சுற்றில் ஐந்தாறு கோடி போடக்கூடியவர் என்ன பார்த்தால் போடுவார் என்பது முதலில். அதை எட்ட என்னென்ன நடந்திருக்க வேண்டும், எந்த வரிசையில், என்ன செலவில் என்பது அப்புறம்.

அந்த ‘என்ன பார்த்தால்’ என்பதை நீங்களே ஊகிக்க வேண்டாம். அந்த அளவில் முதலீடு செய்கிற இரண்டு மூன்று பேரிடம், பணம் கேட்காமல், இதை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். பேச்சுக்காக நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: 500 தொட்டிகள், குறைந்தது 4 பால் நிறுவனங்கள், அதாவது ஆண்டுக்கு 54 லட்சம் சந்தா. இதை 14ஆம் மாதத்துக்குள் தொட வேண்டும். 18ஆம் மாதம் வரை பணம் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் 4 மாதம் அடுத்த சுற்றுக்காக அலைவதற்கு. பலர் இந்த 4 மாதத்தை மறந்துவிடுவார்கள். மைல்கல்லைத் தொட்ட அதே மாதம் கஜானா காலியானால், பேரம் பேச எதுவும் கையில் இருக்காது.

இப்போது 60லிருந்து 500க்குப் போவதற்கு நடுவே என்ன தடை என்று பாருங்கள். உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது. 60 தொட்டிக்கு மாதம் 20 தடவை ஆள் போகிறார் என்றால், இதே கணக்கில் 500 தொட்டிக்கு 160 தடவைக்கு மேல் போக வேண்டும். சேகரிப்பு மையங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலும் இருக்காது. இந்த நிலையில் மார்க்கெட்டிங்குக்கு 30 சதவீதம் வைப்பது, ஓட்டை வாளியில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆகவே முதல் மைல்கல் சாதனத்தைச் சரிசெய்வது. இரண்டாவது, இருக்கிற வாடிக்கையாளர்களே நீண்ட ஒப்பந்தம் போட்டு விரிவாக்குவது. மூன்றாவதுதான் புது நிறுவனங்களுக்குப் போவது. இந்த வரிசை தெளிவானாலே அட்டவணை பாதி முடிந்த மாதிரி.

செலவைப் பிரிக்கும்போது எல்லோரும் தடுமாறும் இடம் சம்பளமும் வாடகையும். உங்கள் இருவர் சம்பளம், இப்போதிருக்கும் இரண்டு ஊழியர்கள், வாடகை, ஆடிட்டர், மென்பொருள் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். இதைத் தனி வரியாகப் போட்டால் 54 லட்சம் ஆகும். கேட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த மைல்கல்லோடும் ஒட்டாமல் தொங்கும். மைல்கல்லை அடைய எத்தனை மாதம் ஆகிறதோ அத்தனை மாத அடிப்படைச் செலவும் அந்த மைல்கல்லின் விலையில் சேர வேண்டும். 5 மாதம் பிடிக்கும் வேலைக்கு 15 லட்சம் அதிலேயே வந்துவிடும். காலதாமதத்துக்கு என்ன விலை என்பதும் அப்போதுதான் உங்களுக்கே உறைக்கும்.

முதல் கட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் செலவு 15 லட்சம். சாதனத்துக்கு நீர் புகாத உறை செய்ய மோல்டு 6 லட்சம். சர்க்யூட் போர்டு இரண்டு சுற்று செய்து பார்க்க மூன்றரை லட்சம். ஒரே சுற்றில் சரியாக வந்துவிடும் என்று எழுதாதீர்கள், ஹார்டுவேர் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார். சோதனைக் கூடம், சான்றிதழ் 3 லட்சம். மாதம் 75,000 ரூபாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். அவருக்கு 5 மாதம் அல்ல, 4 மாதச் சம்பளம்தான், ஏனென்றால் ஆள் தேடிச் சேர்க்கவே ஒரு மாதம் போய்விடும். கடைசியாக 60 புதுச் சாதனங்கள். ஒன்றைச் செய்ய 7,500, பொருத்த 1,500, ஆக 9,000 ரூபாய் வீதம் 5.4 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 36 லட்சம்.

அந்த 60 சாதனங்களைப் புது இடத்தில் மாட்டாமல், இப்போது ஓடும் 60 தொட்டிகளிலேயே பழையதைக் கழற்றிவிட்டு மாட்டச் சொல்கிறேன். காரணம் எளிது. பழைய சாதனம் அதே தொட்டியில், அதே ஊர் மின்சாரத்தில், அதே ஜெனரேட்டர் மாறும்போது வரும் அதிர்ச்சியில் எத்தனை தடவை நின்றது என்ற பதிவு உங்களிடம் இருக்கிறது. புதியது எவ்வளவு மேல் என்பதை யாரும் சந்தேகிக்க முடியாது. மாதம் 20 தடவை என்பது 5 தடவைக்குள் வந்தால் முதல் கட்டம் முடிந்தது. முடிந்தால் இந்தச் சோதனை மாதம் சித்திரை, வைகாசி வெயிலில் வருமாறு திட்டமிடுங்கள். மார்கழியில் எல்லாச் சாதனமும் நன்றாகத்தான் ஓடும்.

மற்ற கட்டங்களையும் இதே முறையில் போட்டால் அட்டவணை இப்படி வரும்:

| கட்டம் | மாதம் | தொகை (லட்சம்) | பணம் எதற்கு | முடிந்தது என்பதற்கு அடையாளம் |
|---|---|---|---|---|
| 1. நம்பகமான சாதனம் | 1–5 | 36 | மோல்டு, போர்டு, சான்றிதழ், இன்ஜினியர், 60 சாதனங்கள் | 60 தொட்டிகளில் ஒரு முழு மாதம், நேரில் போனது 5 தடவைக்குள் |
| 2. நீண்ட ஒப்பந்தம் | 6–9 | 28 | 120 சாதனங்கள், 2 டெக்னீஷியன்கள் | 180 தொட்டிகள், இரு நிறுவனங்களும் 24 மாத ஒப்பந்தம் |
| 3. புது நிறுவனங்கள் | 10–14 | 57 | 320 சாதனங்கள், மேலும் 2 டெக்னீஷியன்கள், விற்பனை மேலாளர் | 500 தொட்டிகள், 4 நிறுவனங்கள் |
| 4. அடுத்த சுற்று | 15–18 | 11 | ஆட்களின் சம்பளம், அடிப்படைச் செலவு (வசூல் 12 லட்சம் கழித்து) | அடுத்த முதலீட்டாளரின் டெர்ம் ஷீட் |
| சட்டச் செலவு | – | 3 | வக்கீல், முத்திரைக் கட்டணம் | – |
| கையிருப்பு | – | 15 | தாமதம், ஜிஎஸ்டி முடக்கம் | – |

மொத்தம் 150 லட்சம். கட்டம் ஒவ்வொன்றின் தொகையிலும் அந்த மாதங்களின் அடிப்படைச் செலவும் முன்பே சேர்ந்த ஆட்களின் சம்பளமும் அடக்கம். இதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘120 சாதனத்துக்கு 28 லட்சமா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும்.

அட்டவணையில் ‘முடிந்தது என்பதற்கு அடையாளம்’ என்ற கடைசி நெடுவரிசைதான் முக்கியம். அங்கே எழுதுவதை வெளியாள் ஒருவர் ஒரு காகிதத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். சர்வீஸ் பதிவேடு, கையெழுத்தான ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, இன்வாய்ஸ் என்று ஏதாவது ஒன்று. ‘சாதனம் மேம்படுத்தப்படும்’, ‘சந்தையில் வலுவான இடம்’ என்றெல்லாம் எழுதினால் அது மைல்கல் ஆகாது.

இரண்டாவது கட்டத்தில் ஏன் 24 மாத ஒப்பந்தம் என்று கேட்கலாம். உங்கள் தொழிலில் சாதனம் வாடிக்கையாளர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது, பணம் மாதாமாதம் துளித்துளியாக வருகிறது. 900 ரூபாய் சந்தாவில் சிம், சர்வர், போக்குவரத்துக்கு 250 போனால் கையில் நிற்பது 650. போட்ட 9,000 திரும்பி வர 14 மாதம் ஆகிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டில் 500 சாதனங்களைக் கொண்டுபோய் மாட்டுவது ஆபத்து. 24 மாதம் கையெழுத்தானால் ஒவ்வொரு தொட்டியும் போட்டதை எடுத்துவிட்டு 10 மாதம் லாபத்தில் ஓடும். இந்த ஒரு கணக்கை அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாம் கட்டத்தில் 320 சாதனங்களுக்குப் போகும் 28.8 லட்சம் வெறும் செலவாகத் தெரியாமல் திரும்பி வரும் பணமாகத் தெரியும்.

கூடவே ஒரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: ‘ஒப்பந்தம் கையில் இருந்தால் சாதனங்களுக்கு வங்கிக் கடன் வாங்கலாமே, அதற்கு எதற்குப் பங்கைக் கொடுக்கிறீர்கள்?’ நியாயமான கேள்விதான். இரண்டாம் கட்டம் முடியும்வரை வங்கியிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதே பதில். முடிந்த பிறகு 28.8 லட்சத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கு மாற்றி, மிச்சத்தைக் கூடுதல் தொட்டிகளுக்கு விடுவோம் என்று சொல்லலாம். ஆனால் கிடைக்காத கடனை அட்டவணையில் வரவாக எழுதாதீர்கள்.

வரவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சந்தாப் பணத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா இல்லையா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் போட்டதில் பில் போட்டு 60 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்று வைத்து, நான்காம் கட்டத்தில் மட்டும் 12 லட்சத்தைக் கழித்திருக்கிறேன். முதல் மூன்று கட்டங்களில் ஓட்டச் செலவு போக மிஞ்சும் சுமார் 8 லட்சத்தை எடுக்கவே இல்லை. வசூல் இழுத்தால் அது தாங்கிக்கொள்ளும். எல்லா வருமானத்தையும் முழுதாகச் சேர்த்து, கேட்கும் தொகையைக் குறைத்துக் காட்டுவது பார்க்க அழகாக இருக்கும். ஒரு பெரிய வாடிக்கையாளர் 3 மாதம் பணம் தராமல் இழுத்தால் அந்த அழகு போய்விடும்.

கையிருப்பு 15 லட்சம் எப்படி வந்தது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். தாமதம் வரக்கூடிய இடம் பெரும்பாலும் முதல் கட்டம்தான்: மோல்டு தள்ளிப்போகும், போர்டு இரண்டாம் சுற்றிலும் சரியாகாது. அப்போது ஒவ்வொரு மாதமும் அடிப்படைச் செலவும் இன்ஜினியர் சம்பளமுமாக 3.75 லட்சம் கூடும். அது ஒன்று. மற்றது ஜிஎஸ்டி. 7,500 ரூபாய்க்கு உதிரிபாகம் வாங்கும்போது 18% வீதம் 1,350 ரூபாய் முதலிலேயே கட்டிவிடுகிறீர்கள். அது உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் 900 ரூபாய் சந்தாவின் மேல் வரும் 162 ரூபாய் வரியில் மாதாமாதம் கழிந்துதான். ஒரு சாதனத்துக்கு 8 மாதத்துக்கு மேல் பிடிக்கும். மூன்றாம் கட்டத்தில் 320 சாதனங்களுக்கு 4.3 லட்சம் இப்படி முடங்கும். லாப நஷ்டக் கணக்கில் இது தெரியாது, வங்கிக் கணக்கில்தான் தெரியும். இதற்கு 4 லட்சத்தை ஒதுக்கினால் மீதி 11 லட்சம் சுமார் 3 மாதத் தாமதத்தைத் தாங்கும். ‘இதர 10%’ என்று எழுதியதும் கிட்டத்தட்ட இதே தொகைதான், ஆனால் அதற்கு விளக்கம் கிடையாது. பங்குச் சந்தைக்கு வரும் பெரிய நிறுவனங்களுக்கே ‘பொதுத் தேவைகள்’ என்று பெயரிட்டு ஒதுக்கும் தொகை, திரட்டும் பணத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று செபி வரம்பு வைத்திருக்கிறது. பெயரில்லாத பணத்தை யாருக்கும் பிடிப்பதில்லை.

அடுத்தது, கட்டங்களுக்கு நடுவே கதவு இருக்க வேண்டும். இரண்டாம் கட்ட அடையாளம் வரும்வரை விற்பனை மேலாளரை எடுக்கமாட்டோம், 320 சாதனங்களுக்கு ஆர்டர் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். முதல் கட்டம் தோற்றால் மீதிப் பணம் கையில் இருக்கும் என்ற உத்தரவாதம் முதலீட்டாளருக்கு அதில்தான் கிடைக்கிறது. அதே நேரம், 10ஆம் மாதம் சேரும் மேலாளர் மறுமாதமே ஆர்டர் கொண்டு வருவார் என்று நினைக்காதீர்கள். பால் நிறுவனங்களில் கொள்முதல் பிரிவு பார்த்து, ஒரு மையத்தில் மாட்டிப் பார்த்து, முதலாளி தலையாட்ட மூன்று நான்கு மாதம் சாதாரணமாகப் போகும். ஆகவே 6ஆம் மாதமே உங்கள் இருவரில் ஒருவர் புது நிறுவனங்களோடு பேச ஆரம்பிக்க வேண்டும். அது யார் என்று பெயரோடு சொன்னால் இன்னும் நல்லது.

இவ்வளவு தெளிவாக எழுதினால் ஒரு பக்கவிளைவும் உண்டு. ‘அப்படியென்றால் பணத்தையும் மைல்கல் வாரியாகவே தருகிறேன்’ என்பார்கள். இதை டிராஞ்ச் என்பார்கள். ஒரேயடியாக மறுக்க வேண்டாம், ஆனால் நான்கு தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு போதும். முதல் தவணை, இரண்டாம் கட்டம் முடியும்வரையான 64 லட்சம், சட்டச் செலவு 3, அதற்கு மேல் 3 மாதம் தாக்குப்பிடிக்க 13, ஆக 80 லட்சத்துக்குக் குறையக் கூடாது. இரண்டாம் தவணைக்கான நிபந்தனை உங்கள் கையில் இருக்கும் விஷயமாக இருக்கட்டும். சாதனத்தின் நம்பகத்தன்மையும் இருக்கிற வாடிக்கையாளர் ஒப்பந்தமும் சரி. 500 தொட்டி என்று ஒத்துக்கொண்டால், பணம் வந்தால்தான் சாதனம், சாதனம் இருந்தால்தான் 500 என்று மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு தவணைக்கும் பங்கின் விலை ஒன்றே என்பதையும், அடையாளம் காட்டிய எத்தனை நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

நிறுவனத்துக்கு நீங்கள் கைமாற்றாகக் கொடுத்த பணம் ஏதாவது பாக்கி இருந்தால், அதை இந்தச் சுற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அதைத் தடுக்கும் விதி இருக்கும். வேறு வழியில்லை என்றால் தனி வரியாக, தொகையோடு முதலிலேயே காட்டுங்கள். ஆவணச் சரிபார்ப்பில் அவர்களாகக் கண்டுபிடித்தால் மொத்த அட்டவணையின் மேலும் சந்தேகம் விழும்.

கடைசியாக ‘1ஆம் மாதம்’ எது என்பது. டெர்ம் ஷீட் கையெழுத்தான மாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அதிலிருந்து பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆவது சகஜம். வந்த பிறகும், 2013 நிறுவனச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பங்கு ஒதுக்கி, PAS-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்த இடைவெளிக்கான சம்பளம் உங்கள் பழைய இருப்பிலிருந்துதான் போக வேண்டும். மோல்டு செய்பவருக்கு முன்பணம் தருவதாகத் தேதி சொல்லும் முன் இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டவணையிலும் ‘1ஆம் மாதம் = PAS-3 தாக்கலான மாதம்’ என்று அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.